காஃப்கா இறந்து நூறு வருடம் ஆச்சு. என் தமிழ் மொழிபெயர்ப்பை வெளியிட யாரிடம் அனுமதி கேட்கணும்?

சாளரம் | மார்ச் 3, இரவு 10:40

பதினான்கு மாதம் உட்கார்ந்து காஃப்காவின் ஒன்பது கதைகளைத் தமிழில் முடித்திருக்கிறேன். எனக்கு ஜெர்மன் தெரியாது, ஆங்கிலத்திலிருந்துதான் செய்தேன். புத்தகமாகப் போடலாம் என்று இரண்டு நண்பர்களிடம் கேட்டேன். ஒருவர், "ஆள் 1924லேயே போயாச்சு, உரிமையெல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும், தைரியமா போடு" என்கிறார். இன்னொருவர், "அனுமதி இல்லாமல் செய்த மொழிபெயர்ப்புக்கு உனக்கே உரிமை கிடையாது, நாளைக்கு எவன் எடுத்துப் போட்டாலும் உன்னால் கேட்க முடியாது" என்கிறார்.

இந்த இரண்டாவது பேச்சுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. போன வருடம் ஒரு வாசகர் குழுவில் மூன்று கதைகளைப் பகிர்ந்தேன். ஒரே மாதத்தில் அவை என் பெயர் இல்லாமல் வேறோர் இடத்தில் வந்துவிட்டன. கேட்டபோது, "உங்க கதையா இது? காஃப்கா கதைதானே" என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

தும்பி | மார்ச் 3, இரவு 11:15

செத்து 60 வருஷம் ஆனா பொதுச்சொத்து. 1924 + 60 = 1984. அவ்வளவுதான் கணக்கு, போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க.

அச்சுமை | மார்ச் 4, காலை 6:20

எந்த ஆங்கிலம்? புத்தகத்தின் உரிமைப் பக்கத்தைத் திறந்து மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

சாளரம் | மார்ச் 4, காலை 7:05

பழைய பேப்பர்பேக். வில்லா மூர், எட்வின் மூர் என்று இருக்கிறது. பதினான்கு மாதமாகக் கையில் இருந்த புத்தகம், இந்தப் பக்கத்தை இப்போதுதான் படிக்கிறேன்.

அச்சுமை | மார்ச் 4, காலை 8:30

அப்படியென்றால் நீங்கள் மொழிபெயர்த்தது இரண்டு படைப்புகளை. காஃப்காவின் ஜெர்மன் ஒன்று, மூர் தம்பதியின் ஆங்கிலம் இன்னொன்று. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, மொழிபெயர்ப்பையும் மூலப் படைப்பைப் போலவே பாதுகாக்கச் சொல்கிறது, ஆனால் மூலத்தின் உரிமைக்குக் குந்தகம் இல்லாமல். அதே உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, மொழிபெயர்க்கவும் அதற்கு அனுமதி தரவும் உள்ள உரிமையை ஆசிரியருக்குக் கொடுக்கிறது. மூர்களும் தங்கள் ஆங்கிலத்துக்கு ஆசிரியர்கள்தான்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். காஃப்காவைப் பொறுத்தவரை தும்பி சொன்னது சரி. இந்தியச் சட்டத்தில் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு, அதாவது 1984 டிசம்பரோடு முடிந்தது. 70 ஆண்டு வைத்திருக்கும் நாடுகளிலும் 1994 வரைதான்.

மூர்களின் கதை வேறு. எட்வின் 1959இல் இறந்தார், வில்லா 1970இல். இருவர் சேர்ந்து பிரிக்க முடியாதபடி செய்த படைப்புக்கு, கடைசியாக இறந்தவரிலிருந்துதான் எண்ண வேண்டும். 60 ஆண்டு என்றால் 2030 டிசம்பர் வரை. 70 ஆண்டு நாடுகளில் 2040 டிசம்பர் வரை. அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து எண்ணும் வேறு முறை இருக்கிறது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய அனுமதி காஃப்கா பக்கம் இல்லை, மூர்கள் பக்கம் இருக்கிறது.

தும்பி | மார்ச் 4, காலை 9:10

இது எனக்குப் புரியல. கதை காஃப்காவோடது, ஆளு பேரு, சம்பவம், முடிவு எல்லாம் அவரோடது. மூர் ஒரு மொழியில இருந்து இன்னொரு மொழிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. தூக்கிட்டு வந்தவருக்குக் கதை மேல என்ன உரிமை?

அச்சுமை | மார்ச் 4, காலை 9:40

கதை மேல் எந்த உரிமையும் இல்லை. அவர்கள் தேர்ந்த சொற்கள், வாக்கியத்தை உடைத்த இடம், சேர்த்த இடம் இவற்றின் மேல்தான் உரிமை. சாளரம் ஜெர்மனைப் பார்க்கவே இல்லை என்பதால் அவருடைய தமிழில் உள்ள ஒவ்வொரு தேர்வும் அவர்கள் தேர்வின் மேல்தான் நிற்கிறது.

சாளரம் | மார்ச் 4, இரவு 9:50

இதை நம்ப மனசு வரவில்லை. சோதித்துப் பார்த்தேன்.

உருமாறிக் கிடப்பவனின் கதை எல்லாருக்கும் தெரியும். அதன் முதல் வாக்கியத்தில் நான் "ராட்சதப் பூச்சி" என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்காக மூன்று நாள் செலவழித்தேன், வண்டு, கரப்பான் என்றெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் பூச்சியில் நின்றேன். இன்று வேறு இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அங்கே பூச்சியே இல்லை. ஒருவர் அருவருப்பான உயிரி என்ற பொருளில் போடுகிறார், மற்றவர் இன்னொன்று. பூச்சி மூர்களுடையது. நான் மூன்று நாள் யோசித்ததெல்லாம் அவர்கள் ஏற்கெனவே கட்டிவைத்த அறைக்குள்தான்.

நெடுங்கணக்கு | மார்ச் 4, இரவு 10:30

ஜெர்மனில் அந்தச் சொல் உங்கெட்சீஃபர். பூச்சி என்று நேராகப் பொருள் வராது. எலி, பேன், கரப்பான் எல்லாவற்றையும் சேர்த்து அருவருப்போடு சொல்கிற சொல். பழைய பொருளில் பலியிடத் தகாத அசுத்தப் பிராணி என்றும் சொல்வார்கள். காஃப்கா வேண்டுமென்றே என்ன பிராணி என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். அந்த மங்கலை மூர்கள் தெளிவாக்கிவிட்டார்கள். உங்கள் தமிழிலும் அந்தத் தெளிவு வந்துவிட்டது.

அச்சுமை | மார்ச் 5, காலை 6:10

ஒரு சொல்லை வைத்து யாரும் வழக்கில் ஜெயிக்க மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பூச்சி என்று எவரும் தானாகவே போடலாம். ஆனால் நான்கு பக்கத்தில் இப்படி முப்பது இடம் இருந்தால், அதிலும் இடைமொழிபெயர்ப்பாளரின் பிழைகள் அப்படியே தமிழுக்கு வந்திருந்தால், எதிலிருந்து செய்தது என்று மறைக்க முடியாது. பிழைதான் எப்போதும் காட்டிக் கொடுக்கும். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே சரியான சொல்லுக்கு வரலாம். ஒரே தவறுக்குத் தனித்தனியாக வருவது அபூர்வம்.

தேனடை | மார்ச் 5, காலை 11:00

என் பிரச்சினையையும் இங்கேயே கேட்டுக்கிறேன். நான் எழுதின நாற்பது கவிதையை ஒரு தோழி ஆங்கிலத்துல செஞ்சு தந்தாங்க. ஒரு தொகை கொடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க. எழுத்துல ஒப்பந்தம் எதுவும் இல்ல. இப்ப ஒரு வெளிநாட்டு இதழ் பத்துக் கவிதை கேட்குது. மூலம் என்னோடது, காசும் கொடுத்துட்டேன், அப்ப ஆங்கிலமும் என்னோடதுதானே? அவங்க பேர் போட்டா போதும்னு நினைக்கிறேன்.

தும்பி | மார்ச் 5, காலை 11:20

ஆமாங்க, மூல ஆசிரியர் நீங்க. காசும் கொடுத்தாச்சு. உங்களோடதுதான்.

அச்சுமை | மார்ச் 5, பகல் 1:15

தும்பி, அவசரப்படாதீங்க.

தேனடை அம்மா, ஆங்கில வரிகள் உங்கள் தோழியுடையவை. அவர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் இல்லை, தனியாகச் செய்து கொடுத்தவர். காசு கொடுத்ததால் அந்த மொழிபெயர்ப்பைப் படிக்க, அப்போது பேசிக்கொண்ட காரியத்துக்குப் பயன்படுத்த உங்களுக்கு வழி உண்டு என்று வாதிடலாம். ஆனால் பதிப்புரிமை கைமாற வேண்டுமென்றால் இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

மறுபக்கமும் அப்படியே. அவர் உங்களைக் கேட்காமல் அந்த ஆங்கிலத்தை எங்கேயும் வெளியிட முடியாது, ஏனென்றால் அடியில் கிடப்பது உங்கள் கவிதை. இரண்டு சாவி போட்டால்தான் திறக்கிற பெட்டி இது. உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. இதழுக்கு இருவரும் சேர்ந்து சம்மதம் தர வேண்டும்.

தேனடை | மார்ச் 5, பகல் 1:40

அப்ப அவங்க வேண்டாம்னா என் கவிதை ஆங்கிலத்துல வரவே வராதா?

அச்சுமை | மார்ச் 5, பகல் 1:55

அவருடைய ஆங்கிலத்தில் வராது. நீங்கள் வேறொருவரை வைத்துத் தமிழிலிருந்தே புதிதாகச் செய்துகொள்ளலாம், அதை அவரால் தடுக்க முடியாது. புதியவர் பழைய ஆங்கிலத்தைப் பார்க்காமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சாளரம் | மார்ச் 5, இரவு 8:30

இந்த இரண்டு சாவி எனக்கு முதல் கேள்வியை விட இரண்டாம் கேள்விக்கு உதவுகிறது. என் மூன்று கதையைப் பெயரில்லாமல் போட்டவர்களிடம், "ஆமாம், கதை காஃப்காவுடையது, தமிழ் என்னுடையது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நானே மூர்களின் அனுமதி இல்லாமல் செய்திருக்கிறேனே. அனுமதி இல்லாத என் தமிழுக்கும் எனக்கு உரிமை உண்டா? முதல் நாள் நண்பர் சொன்னது இதைத்தான்.

அச்சுமை | மார்ச் 5, இரவு 9:00

உண்டு. உங்கள் உழைப்பும் தேர்வும் உங்களுடையவை. வெளியிடத் தடை இருப்பது ஒரு விஷயம், அதை மற்றவர் எடுத்துப் போடலாம் என்பது வேறு விஷயம். முதலாவது உண்மை என்பதால் இரண்டாவது உண்மையாகிவிடாது.

அச்சுமை | மார்ச் 6, காலை 5:50

நேற்று இரவு எழுதியதைத் திருத்த வேண்டும். எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற மாதிரி சொல்லிவிட்டேன். அமெரிக்கச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, முந்தைய படைப்பைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்திய பகுதிக்குப் பாதுகாப்பு கிடையாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அங்கே உங்கள் நண்பர் சொன்னது ஏறக்குறைய சரி. இந்தியச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலும், வேறொரு படைப்பின் உரிமையை மீறும் திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் பதிப்புரிமை இல்லை என்று இருக்கிறது, ஆனால் அந்த வரியில் இலக்கியப் படைப்பைச் சேர்க்கவில்லை. அதனால் இலக்கியத்துக்கு உரிமை இருக்கும் என்று வாதிட இடம் உண்டு. உறுதி என்று சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் இந்த வாதத்தை நம்பிப் புத்தகம் அச்சடிக்க மாட்டேன்.

தும்பி | மார்ச் 6, காலை 10:10

ஒரு சுலப வழி இருக்கு. கூட்டன்பர்க் தளத்துல உருமாற்றக் கதை ஆங்கிலத்துல இலவசமா கிடைக்குது. அதுல இருந்து திரும்பச் செஞ்சிடுங்க. அங்க இருக்கிறதெல்லாம் பொதுச்சொத்துதான்.

நெடுங்கணக்கு | மார்ச் 6, காலை 10:45

அங்கே இருப்பது டேவிட் வைலி செய்த மொழிபெயர்ப்பு. அவர் இந்தக் காலத்தவர். கோப்பின் மேலேயே அது பதிப்புரிமை உள்ள நூல் என்று போட்டிருப்பார்கள். இறக்கிப் படிக்கலாம், நண்பருக்கு அனுப்பலாம். அதிலிருந்து தமிழ் செய்து விற்கலாம் என்று அதற்குப் பொருளில்லை.

தும்பி | மார்ச் 6, காலை 11:30

போய்ப் பார்த்தேன். மேலேயே போட்டிருக்கு. இத்தனை வருஷமா அந்தத் தளத்துல இருக்கிறது எல்லாமே யாருக்கும் சொந்தமில்லன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

கார்த்திகைப்பூ | மார்ச் 7, இரவு 11:20

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். என் அனுபவம் இது.

உயிரோடு இருக்கும் ஒரு ஆசிரியரின் நாவலைத் தமிழில் செய்தேன். மூல நூலை வெளியிட்ட பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, வாழ்த்துகள்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். புத்தகம் வந்து நான்கு மாதம் கழித்து ஆசிரியரின் முகவரிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் பதிப்பகத்துக்கு மூல மொழியில் அச்சிடும் உரிமை மட்டும்தான் கொடுத்திருந்தார்களாம், மொழிபெயர்ப்பு உரிமையை ஆசிரியர் தன்னிடமே வைத்திருந்தாராம். ஆட்சேபம் இல்லை என்று எழுதியவர்களுக்கு ஆட்சேபிக்கும் உரிமையே இருக்கவில்லை. விற்பனையை நிறுத்தினோம். மிச்சப் பிரதிகள் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

ஆசிரியர் கோபப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை. என்னை முன்பே கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று முகவர் வழியாகச் சொல்லி அனுப்பினார். அதுதான் அதிகமாக வலித்தது.

அச்சுமை | மார்ச் 8, காலை 6:40

இது அடிக்கடி நடக்கிறது. பதிப்பகத்தை அனுமதி கேட்காதீர்கள். "இந்த நூலின் தமிழ் மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துதான் பதில் சொல்ல முடியும். எங்களிடம் என்றால், கொடுக்க எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு வரி கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கடிதத்தில் காலமும் இடமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்வார்கள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று கொள்வார்கள். மின்னூலாக உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருப்பவர்கள் பலர் கையில் இருப்பது இந்த இரண்டும் இல்லாத வாழ்த்துக் கடிதம்தான்.

தேனடை | மார்ச் 8, காலை 9:00

கேட்டு எழுதி, பதிலே வரலேன்னா? மௌனம் சம்மதம்னு எடுத்துக்கலாமா?

அச்சுமை | மார்ச் 8, காலை 9:20

கூடாது. நூல் வெளியாகி ஏழு ஆண்டாகியும் உரிமையாளர் அந்த மொழியில் வெளியிடவில்லை, கேட்டும் கொடுக்கவில்லை அல்லது ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், 32ஆம் பிரிவின்கீழ் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் வழி இந்தியச் சட்டத்தில் உண்டு. எழுதிக் கேட்டதற்கான சான்றை வைத்திருக்க வேண்டும், உரிமையாளருக்கு ஈட்டுத்தொகையும் கட்ட வேண்டும். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று முன்னுரையில் எழுதுவது அதற்கு ஈடாகாது.

சாளரம் | மார்ச் 9, இரவு 10:15

மூன்று நாளாக வேறொரு யோசனை ஓடியது, எழுதாமல் இருந்தேன். நான்கு ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்து, எதையும் பின்பற்றாமல் நானாக எழுதினால் என்ன? யாரிடமும் அதிகமாக எடுத்ததாக இருக்காதே.

இன்று ஒரு பக்கத்தை அப்படிச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் நான்கில் எது நன்றாக இருக்கிறதோ அதைத்தான் எடுத்திருக்கிறேன். ஒருவரிடம் பத்து வாக்கியம் எடுப்பதற்குப் பதிலாக நான்கு பேரிடம் இரண்டு மூன்றாக எடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

நெடுங்கணக்கு | மார்ச் 9, இரவு 10:50

ஜெர்மனைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தேகம் வரும் இடத்தில் ஆங்கிலத்தைப் பார்ப்பது வேறு. எல்லா மொழிபெயர்ப்பாளர்களும் அதைச் செய்கிறார்கள். கோடு எங்கே இருக்கிறது என்று என்னாலும் சொல்ல முடியாது. ஆனால் மூலமே இல்லாமல் நான்கு ஆங்கிலம் என்பது கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஒன்பதில் காஃப்கா உயிரோடிருந்தபோது வெளியானவை எத்தனை? உருமாற்றம் 1915இல் வந்தது, அந்த ஜெர்மன் பாடத்தில் யாருக்கும் உரிமை இல்லை. அவர் இறந்த பிறகு அவருடைய நண்பர் மாக்ஸ் பிராட் எடுத்து வெளியிட்டவற்றில் சில தலைப்புகளையே பிராட்தான் வைத்தார். அவர் 1968 வரை இருந்தவர். தலைப்புக்கும் தொகுத்த விதத்துக்கும் அவர் பங்கு எவ்வளவு என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் அவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிடச் சொல்வேன்.

அச்சுமை | மார்ச் 10, காலை 6:00

பிராட் விஷயத்தில் எனக்கும் தெளிவில்லை. ஒதுக்குவதே நல்லது.

சாளரம் | மார்ச் 23, இரவு 9:30

இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

ஒன்பதில் ஐந்து கதைகள் அவர் இருந்தபோதே வந்தவை. மற்ற நான்கையும் பெட்டியில் வைத்துவிட்டேன். ஐந்தையும் ஜெர்மனிலிருந்து புதிதாகச் செய்ய நெடுங்கணக்கு ஒத்துக்கொண்டார். அவர் வாக்கியம் வாக்கியமாகப் பொருள் சொல்வார், நான் தமிழ் எழுதுவேன். பழைய நோட்டைத் திறக்கக் கூடாது என்று பேசிக்கொண்டோம். தமிழின் உரிமை இருவருக்கும் சமபங்கு, ஒருவர் சம்மதமின்றி மற்றவர் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அச்சுமை ஐயா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ஒருவர் காலமானால் அவர் பங்கு யாருக்கு என்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம்.

பழைய வடிவத்தையும் கைவிட மனமில்லை. அதனால் ஆங்கில நூலின் உரிமைப் பக்கத்தில் இருந்த பதிப்பகத்துக்கு, அச்சுமை ஐயா சொன்ன அதே கேள்வியை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

தேனடை | மார்ச் 24, காலை 8:10

நானும் தோழிகிட்டப் பேசினேன். இதழுக்குச் சேர்ந்தே எழுதுறோம். ஆனா ஏழாவது கவிதையில ஒரு வரியை நான் மாத்தச் சொன்னேன், அவங்க மாட்டேன்னுட்டாங்க. தன் ஆங்கிலத்தைத் தன்னைக் கேக்காம சிதைக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு உரிமை இருக்கிற மாதிரி, என் கவிதையைத் தப்பாக் காட்டக் கூடாதுன்னு எனக்கும் இருக்கு இல்லையா? அந்த ஒரு கவிதையை எடுத்துட்டு ஒன்பது அனுப்புறோம்.

சாளரம் | மார்ச் 26, இரவு 11:40

முதல் வாக்கியத்திலேயே நிற்கிறோம். நெடுங்கணக்கு சொன்ன பொருளை வைத்துப் பூச்சியை எடுத்துவிட்டேன். "அசுத்தப் பிராணி" என்றால் சாஸ்திரம் மாதிரி இருக்கிறது. "புழுபூச்சி" என்றால் சின்னதாகிவிடுகிறது, ராட்சத என்ற சொல்லோடு ஒட்டவில்லை. "பீடை" என்று ஒரு சொல் இன்று மாலை வந்தது. அது பிராணியையும் குறிக்கும், வீட்டுக்கு வந்த துன்பத்தையும் குறிக்கும், அவன் குடும்பத்துக்கு அவன் அதுதானே. ஜெர்மன் சொல்லில் அந்த இரண்டாவது பொருள் உண்டா, நெடுங்கணக்கு? இல்லையென்றால் நான் இப்போது மூர்கள் செய்ததையே வேறு விதமாகச் செய்கிறேன்.